பங்குக் காசு வீட்டுக்கு வந்தா, அதுல என் கைக்கு எவ்வளவு?

கரையோரத்தாள் | 18 ஜூன் 2025, காலை

தடைக்காலம் முடிஞ்சு போட்டுக எல்லாம் கடலுக்குப் போயாச்சு. இனி காசு வரும். அதுக்கு முன்னாடியே ஒரு ஏற்பாடு பண்ணிக்கணும்னு கேக்குறேன்.

அவுக விசைப்படகுல பங்குக்குப் போறாக. எனக்கு வருமானம் கிடையாது. ரெண்டு பிள்ளைக. ஊரு தங்கச்சிமடம். கரைக்கு வந்ததும் பங்குக் காசுல அவுகளுக்கு வேணுங்கறதை எடுத்துக்கிட்டு மிச்சத்தைக் கையில குடுப்பாக. சில வாரம் ஐயாயிரம், சில வாரம் ஐநூறு. குறைஞ்ச வாரம் "எப்படியாச்சும் ஓட்டு"ம்பாக. கூட வந்த வாரம் நான் கொஞ்சம் மிச்சம் பிடிச்சா, அடுத்த வாரம் "உங்கிட்டதான் இருக்கே"ன்னு குறைச்சுத் தருவாக. அதனால ஊர்ல எல்லாப் பொம்பளைகளும் செய்யறதைத்தான் நானும் செய்யறேன், சிறுவாடு.

ஒளிச்சு வைக்காம, சண்டையும் இல்லாம, நியாயமாப் பிரிக்க வழி இருக்கா? மாசச் சம்பளக்காரங்க சொல்ற "அம்பது முப்பது இருபது" கணக்கெல்லாம் எனக்கு வேணாம். எங்களுக்கு மாசமே கிடையாது.

தொண்டிக்காற்று | 18 ஜூன், மதியம்

மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் வருதா? வரலைன்னா அடுத்த மாசம் 15ஆம் தேதியில இருந்து முகாம் போடுறாங்க, அங்க மனு வாங்குறாங்க. ஆதார், ரேஷன் கார்டு, கரண்ட் பில், பாஸ்புக் எடுத்துட்டுப் போங்க. வருசத்துக்கு ரெண்டரை லட்சத்துக்கு மேல வருமானம்னா கிடைக்காது.

கரையோரத்தாள் | 18 ஜூன்

வருதுண்ணே. நான் கேட்டது அது இல்ல.

உச்சிப்புளியான் | 18 ஜூன், இரவு

இதுல பேச என்ன இருக்கு. புருசன் சம்பாத்தியத்துல பாதி பொண்டாட்டிக்குன்னு சென்னை ஹைகோர்ட்டே 2023ல சொல்லிருச்சு. பாதியை எண்ணி வாங்குங்க.

கணக்குநோட்டு | 19 ஜூன், காலை

உச்சிப்புளியான் சொல்வதில் பாதிதான் சரி. 2023 ஜூனில் வந்த அந்தத் தீர்ப்பு மாதாமாதம் வரும் சம்பளத்தைப் பற்றியது இல்லை. கணவர் சவுதியில் இருந்து அனுப்பிய பணத்தில் இங்கே சொத்து வாங்கியிருந்தார்கள். மனைவி வீட்டைப் பார்த்துக்கொண்டதால்தான் அவரால் அங்கே சம்பாதிக்க முடிந்தது, ஆகவே அந்தச் சொத்தில் அவருக்கும் சமபங்கு உண்டு என்றார்கள். வாராவாரம் பாதியை எண்ணி வைக்கச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. அதைச் சொல்லிக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும்.

இனி கேள்விக்கு வருகிறேன். மண்டபம் பக்கம் மகளிர் குழுக்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். பங்குக்குப் போகிற வீடுகளின் நோட்டுகள் நிறைய என் கை வழியாகப் போகும். உங்கள் வீட்டில் இரண்டு சிக்கல் ஒன்றாகப் பின்னிக் கிடக்கிறது. முதலில் அவற்றைப் பிரியுங்கள்.

ஒன்று, வருமானம் ஏறி இறங்குவது. இன்னொன்று, வீட்டுக் காசும் உங்கள் சொந்தக் காசும் ஒரே சுருக்குப்பையில் கிடப்பது. சிக்கனமாக இருந்தால் அடுத்த வாரம் வெட்டு விழுகிறது என்றால் யார்தான் சிக்கனமாக இருப்பார்கள்? விலையை ஏற்றிச் சொல்லத்தான் தோன்றும். சிறுவாடு பிறப்பதே அங்கேதான். அவர் கெட்டவரும் இல்லை, நீங்கள் கள்ளியும் இல்லை. ஏற்பாடு அப்படி அமைந்துவிட்டது.

ஆகவே காசை நாலாகப் பிரியுங்கள்: வீட்டுக் காசு, தடைக்காலக் காசு, அவர் கைக்காசு, உங்கள் கைக்காசு. கடைசி இரண்டும் ஒரே தொகை. "அவர் எடுத்தது போக மிச்சம்" என்ற பேச்சே கூடாது. தொகை சொல்வதற்கு முன்னால், போன ஒரு வருசத்தில் மாசாமாசம் தோராயமாக என்ன வந்தது என்று எழுதுங்கள்.

வலைக்கயிறு | 19 ஜூன்

நானும் பங்குக்குப் போறவன்தான். அவர் கைக்காசும் இவுக கைக்காசும் ஒண்ணா? ராத்திரி பூரா வலை இழுக்குறது யாரு? நேவிக்காரன் புடிச்சா உள்ள போறது யாரு?

கணக்குநோட்டு | 19 ஜூன்

வலைக்கயிறு, நீங்க கடல்ல இருக்கிறப்ப உங்க அம்மாவுக்கு மாத்திரை குடுக்கிறது யாரு?

வலைக்கயிறு | 19 ஜூன்

எங்க அம்மாவை ஏன் இழுக்குறீக. சரி, மேல சொல்லுங்க.

கரையோரத்தாள் | 21 ஜூன், காலை

அவுககிட்ட உக்காந்து கேட்டு எழுதினேன். முன்பணம் கழிச்சது போகக் கைக்கு வந்தது மட்டும்.

போன வருசம் ஜூன் பின்பாதி 14,000. ஜூலை 28,000. ஆகஸ்ட் 26,000. செப்டம்பர் 20,000. அக்டோபர் 15,000. நவம்பர் 9,000, டிசம்பர் 10,000 (காத்து, மழை, அதுல ஒரு வாரம் ஸ்டிரைக்கு). ஜனவரி 17,000. பிப்ரவரி 18,000. மார்ச் 16,000. ஏப்ரல் முன்பாதி 7,000. அப்புறம் ஜூன் 14 வரைக்கும் ஒண்ணுமில்ல.

அரசாங்கம் குடுத்தது: தடைக்கால நிவாரணம் 8,000, மீன்பாடு குறைஞ்ச காலத்துக்கு 6,000.

கணக்குநோட்டு | 21 ஜூன், இரவு

பங்கு மொத்தம் 1,80,000. நிவாரணம் இரண்டும் சேர்ந்து 14,000. ஆக 1,94,000. பன்னிரண்டால் வகுத்தால் 16,000க்குக் கொஞ்சம் மேலே. உங்கள் வீட்டின் உண்மையான மாசச் சம்பளம் இதுதான். ஜூலையில் வந்த 28,000 உங்கள் வருமானம் இல்லை. அதில் 12,000 மே மாசத்தின் சோறு. இதை அவரும் ஒப்புக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

வாரம் மூன்று நாள் தொழில், கணக்குத் தீர்ப்பதும் வாரத்துக்குத்தான் என்பதால் வாரக் கணக்காக வைத்துக்கொள்ளுங்கள். 16,000ஐ வாரமாக்கினால் ஏறக்குறைய 3,700. காற்று அடித்தாலும் அடிக்காவிட்டாலும் வாரம் 3,700தான் வீட்டுக்குள் வரும். அதற்கு மேல் வந்தது தடைக்காலக் காசுக்குப் போகும். குறைந்த வாரம் அதிலிருந்து எடுக்க வேண்டும்.

உங்கள் எண்களையே ஓட்டிப் பார்த்தேன். ஜூன் பாதியில் 6,000 மிஞ்சும். ஜூலையில் 12,000, ஆகஸ்டில் 10,000, செப்டம்பரில் 4,000. ஆக செப்டம்பர் கடைசியில் கையில் 32,000 இருக்கும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை 14,000 இறங்கும். குறைந்த கால நிவாரணம் 6,000 வந்தால் 24,000க்கு வரும். ஜனவரி, பிப்ரவரியில் மூவாயிரம் ஏறி, ஏப்ரல் முன்பாதியில் ஆயிரம் இறங்கினால், ஏப்ரல் 14 அன்று கையில் 26,000. தடை 61 நாளுக்கு வேண்டியது 32,000. நிவாரணம் 8,000 சேர்த்தால் கணக்கு நேராகி இரண்டாயிரம் மிஞ்சும். முன்பணம் வாங்க வேண்டாம், நகை அடகுக்கும் போக வேண்டாம்.

இது எங்கே உடையும் என்பதையும் சொல்கிறேன். செப்டம்பர் கடைசியில்தான் உடையும். பையில் 32,000 இருக்கும், அடுத்த மாசம் தீபாவளி. அப்போதுதான் மச்சினனுக்குப் பணமுடை வரும், அப்போதுதான் பைக் பழையதாகத் தெரியும். பெரும்பாலான வீடுகளின் நோட்டு அக்டோபரோடு நின்றுபோகும். நோட்டின் அட்டையிலேயே "மே மாசச் சோறு" என்று எழுதி வையுங்கள், சிரித்தாலும் பரவாயில்லை.

கணக்குநோட்டு | 21 ஜூன், கொஞ்ச நேரம் கழித்து

ஒன்று விட்டுப்போனது. நிவாரணப் பணம் எந்தத் தேதியில் கணக்கில் ஏறும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாஸ்புக்கில் ஏறும் வரை அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். தடை தொடங்கும் அன்று கையில் இருக்கும் 26,000 மட்டுமே உங்களுடையது. அது வாரம் 3,700 வீதம் ஏழு வாரம் ஓடும், அதாவது ஜூன் முதல் வாரம் வரை. அதற்குள் நிவாரணம் வந்துவிட்டால் நல்லது. வராவிட்டால் இரண்டு பேர் கைக்காசையும் சமமாக நிறுத்துங்கள். ஒருவருடையதை மட்டும் நிறுத்தக் கூடாது.

தொண்டிக்காற்று | 22 ஜூன்

எங்களுக்கு நாட்டுப்படகு. தடை கிடையாது. அப்ப இந்தக் கணக்கு எங்களுக்கு எதுக்கு?

வலைக்கயிறு | 22 ஜூன்

தடை இல்லன்னா காத்து இல்லையா? நவம்பர்ல உங்க வள்ளம் கரையிலதான கெடக்கு.

கணக்குநோட்டு | 22 ஜூன்

அதேதான். நாட்டுப்படகுக்குப் பள்ளம் வாடைக்காற்றுக் காலத்தில், அக்டோபரில் இருந்து டிசம்பர் வரை. அங்கே பையை நிரப்ப வேண்டிய மாசங்கள் வேறு, வழிமுறை ஒன்றுதான்.

கரையோரத்தாள் | 24 ஜூன்

வாரம் 3,700 சரிக்கா. அதுல என் கைக்கு எவ்வளவுன்னுதான் முதல்ல கேட்டேன்.

மாசச் செலவு எழுதிட்டேன். பலசரக்கு 4,500 (அரிசி ரேஷன்ல வந்துரும்). காய், பால் 2,000. மீன் அவுக கொண்டாந்துருவாக. கேஸ், கரண்ட் 1,200. பள்ளிக்கூடம், வேன் 1,800. குடிதண்ணி வாங்குறது 400. ஆஸ்பத்திரி, மாத்திரை 700. ரெண்டு போன் 600. குழுக் கடன் 1,300. மொய், திருவிழா 1,000. மொத்தம் 13,500 ஆகுது.

கணக்குநோட்டு | 24 ஜூன், இரவு

16,000ல் 13,500 போனால் 2,500. அதில் 500 திடீர்ச் செலவுக்கு. மிச்சம் 2,000, ஆளுக்கு ஆயிரம். வாரத்துக்கு 230 ரூபாய் அவருக்கு, 230 உங்களுக்கு.

தொகை சின்னதுதான். ஆனால் அவர் இதுவரை "வேணுங்கறதை எடுத்துக்கிட்டு" என்று எழுதினீர்களே, அது எவ்வளவு? அதை யாரும் எழுதவில்லை. என் கைக்கு வந்த நோட்டுகளில் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே துறைமுகத்தில் கழியும் காசுதான் கண்ணுக்குத் தெரியாத பெரிய செலவு. படகில் கணக்கு முடிக்கும்போது கைக்கு வந்த முழுத் தொகையும் நோட்டில் ஏற வேண்டும். வீட்டுக்கு வந்து சேர்ந்த தொகையை எழுதினால் இந்த ஏற்பாடே வீண்.

ஒரு வாரத்தின் பக்கம் இப்படி இருக்கும்.

திங்கள் பங்கு 2,100. புதன் 900. சனி 3,400. மொத்தம் 6,400. வீட்டுக்கு 3,115. திடீர்ச் செலவு 115. அவர் கை 230. என் கை 230. தடைக்காலக் காசு 2,710. கடைசி வரியில் தடைக்காலக் காசில் இதுவரை சேர்ந்த மொத்தம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் இரண்டு பேரும் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். கைக்காசு எதற்குப் போனது என்று எழுத வேண்டாம், ஒருவரை ஒருவர் கேட்கவும் கூடாது. கேட்டால் அது கைக்காசு ஆகாது.

வலைக்கயிறு | 25 ஜூன்

வாரம் 230ல நான் டீ குடிக்கவா, பீடி வாங்கவா, கையுறை வாங்கவா? உப்புத் தண்ணியில ரெண்டு வாரத்துல பிஞ்சுரும். டார்ச் பேட்டரி இருக்கு, மழைக்கோட்டு இருக்கு. சம்பாதிக்கிறவனைப் பிச்சைக்காரன் ஆக்குற கணக்கா இருக்கே.

கணக்குநோட்டு | 25 ஜூன்

நல்ல கேள்வி. கையுறை, பேட்டரி, மழைக்கோட்டு, துறைமுகத்துக்குப் போய்வரும் பஸ் காசு எல்லாம் தொழில் செலவு. அது வீட்டுக் காசில் தனி வரியாக வரும். கரையோரத்தாள் பட்டியலில் அது இல்லை, சேர்க்க வேண்டும். மாசம் 400 என்று வைத்தால் ஆளுக்கு ஆயிரம் என்பது 800 ஆகும். இரண்டு பேருக்கும்தான் குறையும். பீடி கைக்காசு. டீயைப் பற்றி நீங்களே சொல்லுங்கள்.

மறுபக்கமும் அப்படியே. அவருடைய கையுறை வீட்டுச் செலவு என்றால், பெண்களுக்கு மாசாமாசம் வாங்கும் நாப்கின், தலைக்கு எண்ணெய், உள்ளாடை, அவர்களுடைய போன் ரீசார்ஜ் எல்லாமும் வீட்டுச் செலவு. பல வீட்டில் கைக்காசு கொடுத்த மறுமாசமே "அதான் உனக்குத் தனியாத் தர்றேனே" என்று நாப்கினை அதில் தள்ளிவிடுவார்கள். பிள்ளைகளின் பென்சில், பலகாரம் கூட அதில் ஏறிக்கொள்ளும். மூன்றாவது மாசம் பார்த்தால் அவர் கைக்காசு பீடியாகவும் அவர் மனைவியின் கைக்காசு பிள்ளைகளின் பலகாரமாகவும் போயிருக்கும். தொகை சமமாக இருந்தும் பங்கு சமமில்லை.

வலைக்கயிறு | 25 ஜூன்

கடலுக்குப் போற அன்னிக்கு டீ தொழில் செலவு. போகாத அன்னிக்குக் கைக்காசு. சரியா?

கணக்குநோட்டு | 25 ஜூன்

எழுதி வையுங்கள், அதுவே சட்டம்.

கீழைநிலா | 27 ஜூன்

அஸ்ஸலாமு அலைக்கும். எங்க ஊர் நிலைமை வேற. மச்சான் துபாய்ல. பணம் மாசம் தவறாம வருது. ஆனா என் கைக்கு வராது, மாமா கணக்குக்குப் போகும். சாமான் எல்லாம் மாமாவே வாங்கிப் போட்டுருவாக. எனக்கு ஒரு குறையும் இல்லை, ஆனா ஒரு தாவணி எடுக்கணும்னாலும் கேட்டுத்தான் எடுக்கணும். "குறையே இல்லாதப்ப உனக்கு எதுக்குத் தனிக் காசு"ங்கறாக. மச்சான் தன்னோட என்.ஆர்.இ. கணக்குல என் பேரையும் சேர்த்துருக்காக, அது போதும்லன்னு நினைக்கிறாக.

கணக்குநோட்டு | 28 ஜூன்

வ அலைக்கும் ஸலாம். என்.ஆர்.இ. கணக்கில் ஊரில் இருக்கும் மனைவியைச் சேர்த்தால், முதல் பெயர்க்காரர் இருக்கும் வரை கணக்கு அவர் கையில்தான். அவர் அதிகாரம் எழுதிக் கொடுத்தால் ஒழிய நீங்கள் எடுக்க முடியாது. பெயர் பாஸ்புக்கில் இருக்கும், காசு இருக்காது.

உங்கள் பேரில் ஒரு சாதாரண சேமிப்புக் கணக்கு தொடங்குங்கள். மச்சான் மாமாவுக்கு அனுப்புவதில் கை வைக்க வேண்டாம், குடும்பத்தில் மனத்தாங்கல் வரும். அதே நாளில் இந்தக் கணக்குக்கும் ஒரு தொகை தனியாக வரட்டும். எவ்வளவு என்பதற்கு ஒரு வழி, அவர் அங்கே தன் சொந்தச் செலவுக்கு எவ்வளவு வைத்துக்கொள்கிறார் என்று கேளுங்கள். அங்கே விலைவாசி வேறு என்பதால் அதே தொகையைக் கேட்க முடியாது. ஆனால் அவருக்கு அப்படி ஒரு தொகை இருக்கிறது என்பதே உங்கள் கேள்விக்கு விடை.

கணவர் மனைவிக்குக் கொடுக்கும் பணத்துக்கு உங்களுக்கு வருமான வரி கிடையாது. அதை வங்கியில் போட்டு வரும் வட்டியை மட்டும் அவர் வருமானத்தோடு சேர்ப்பார்கள். இந்த அளவுத் தொகைக்கு அது கவலைப்பட வேண்டிய விஷயம் இல்லை.

உச்சிப்புளியான் | 28 ஜூன்

ஜாயிண்ட் அக்கவுண்ட் ஒண்ணு தொறந்தா இந்தத் தலைவலியே இல்ல. சுப்ரீம் கோர்ட்டும் சொன்னுச்சே.

கணக்குநோட்டு | 29 ஜூன்

சொன்னது உண்மை. 2024 ஜூலையில் ஜீவனாம்ச வழக்கு ஒன்றில், வருமானம் இல்லாத மனைவிக்குக் கூட்டுக் கணக்கும் ஏடிஎம் வசதியும் இருக்க வேண்டும் என்று நீதிபதி நாகரத்னா எழுதினார். ஆனால் கூட்டுக் கணக்கில் இரண்டு வகை இருக்கிறது. யாராவது ஒருவர் கையெழுத்துப் போட்டால் எடுக்கலாம் என்பது ஒன்று. இரண்டு பேரும் போட்டால்தான் எடுக்கலாம் என்பது இன்னொன்று. படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிப்பதில்தான் எல்லாமே. தடைக்காலக் காசுக்கு இரண்டு கையெழுத்து வகைதான் பொருத்தம். ஏடிஎம் கார்டு கிடைக்காது, மச்சினன் வந்தாலும் உடனே எடுக்க முடியாது, அதுதானே வேண்டும். வாராவாரம் புழங்கும் வீட்டுக் காசுக்கு அந்த வகை வேண்டாம். அவர் கடலில் இருக்கும்போது பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கையெழுத்துக்கு எங்கே போவது?

தபால் ஆபீஸ் ஆர்.டி. யாராவது சொல்வார்கள். மாசாமாசம் ஒரே தொகை கட்ட வேண்டும். விட்டால் நூற்றுக்கு ஒரு ரூபாய் அபராதம், நாலு மாசம் விட்டால் கணக்கு முடங்கும். உங்கள் நவம்பர், டிசம்பர், மே, ஜூனை எண்ணிப் பாருங்கள். சாதாரண சேமிப்புக் கணக்கே போதும், தபால் ஆபீசில் 500 ரூபாயில் தொடங்கலாம். ஏலச்சீட்டு பற்றிக் கேட்காதீர்கள். பதிவு செய்யாத சீட்டில் தடைக்காலக் காசைப் போடுவது காற்று வீசும்போது வலை விரிப்பது போல.

கரையோரத்தாள் | 3 ஜூலை

பேங்குக்குப் போனேன். எனக்குத்தான் ஏற்கெனவே கணக்கு இருக்கே, உரிமைத்தொகை அதுலதான வருதுன்னு கேட்டா, அதுல இருக்குறது அவுக போன் நம்பர். ஓடிபி அவுகளுக்குத்தான் போகுது. ஜிபேயும் அவுக போன்ல.

கணக்குநோட்டு | 3 ஜூலை

பாதி வீடுகளில் இதுதான் நிலை. கணக்கு யார் பேரில் என்பதைவிட ஓடிபி யார் போனுக்குப் போகிறது என்பதுதான் முக்கியம். ஆதார், பாஸ்புக் எடுத்துக்கொண்டு கிளைக்கு நேரில் போய் நம்பர் மாற்றும் படிவம் எழுதிக் கொடுங்கள். மாறியதும் பழைய போனில் இருக்கும் யுபிஐயில் இருந்து அந்தக் கணக்கை நீக்கச் சொல்லுங்கள், பிறகு உங்கள் போனில் சேருங்கள். போகும்போதே வாரிசுதாரர் பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பேர் கணக்கிலும் பார்க்க வேண்டும், அவர் கடலுக்குப் போகிறவர்.

வலைக்கயிறு | 4 ஜூலை

இப்ப முக்கியமான கேள்வி. உரிமைத்தொகை ஆயிரம் அவுகளுக்கு வருதுல்ல. அப்ப அவுக கைக்காசு அதுவே ஆச்சே. இன்னொரு ஆயிரம் எதுக்கு?

கீழைநிலா | 4 ஜூலை

வந்துட்டாருய்யா வக்கீலு.

கணக்குநோட்டு | 5 ஜூலை

இதில் எனக்கும் முழுத் தெளிவு இல்லை. அந்தப் பணம் சம்பளமில்லாத வீட்டு வேலைக்கான உரிமை என்று சொல்லித்தான் 2023 செப்டம்பரில் தொடங்கினார்கள். அப்படிப் பார்த்தால் அது அவர்களுடைய தனிப்பணம், பிரிவினைக்குள் வராது. நிவாரணம் 8,000 குடும்பத்துக்கு வருவது, அதனால்தான் கணக்கில் சேர்த்தேன். ஆனால் 13,500ல் வீடு நடக்காத குடும்பத்தில், ஆயிரத்தைத் தனியாக வைத்துக்கொண்டு பாலை நிறுத்துவதும் நடக்காது. சேர்ப்பதாக இருந்தால் அதை வீட்டுக் காசில் சேருங்கள், அவருடைய கைக்காசுக்கு ஈடாக்காதீர்கள். ஈடாக்கினால் அரசாங்கம் கொடுத்தது அவர் பைக்குள் போனதாகத்தான் அர்த்தம்.

வலைக்கயிறு | 5 ஜூலை

எங்க வீட்டுல இதைப் படிச்சுட்டாக. நான் இனிமே இந்தப் பக்கம் வரல.

கரையோரத்தாள் | 9 ஜூலை

ரெண்டு வாரம் நோட்டு எழுதியாச்சு. அவுக மொதல் வாரம் முழுத் தொகை சொல்லல, கூட வேலை பாக்குறவரோட பொண்டாட்டி சொல்லித்தான் தெரிஞ்சுது. கேட்டேன். முன்பணத்துல மிச்சம் 6,000 இருந்துருக்கு, முதலாளி வாராவாரம் கழிச்சுக்கிட்டு வர்றாராம். அது போன மே மாசம் என் வளையலை மீட்க வாங்கினது.

இப்ப அந்த 6,000 எந்தக் கணக்குல போகும்? வளையல் எனக்கு அம்மா வீட்ல போட்டது. அடகு வச்சது வீட்டுச் செலவுக்கு.

கணக்குநோட்டு | 9 ஜூலை, இரவு

உங்கள் அம்மா வீட்டில் போட்ட நகை உங்கள் சொத்து, அதில் கணவருக்கு உரிமை கிடையாது. இதைச் சுப்ரீம் கோர்ட் 2024லும் சொல்லியிருக்கிறது. நீங்கள் அதை வீட்டுக்குக் கடனாகக் கொடுத்தீர்கள். ஆகவே மீட்கும் பணமும் வட்டியும் வீட்டுக் கடன், உங்கள் கைக்காசில் இருந்து ஒரு பைசா வரக்கூடாது, அவர் கைக்காசில் இருந்தும் வரக்கூடாது. முதலாளி கழிப்பது வாரம் எவ்வளவு என்று கேட்டு நோட்டில் தனி வரியாகப் போடுங்கள். வாரம் 500 என்றால் பன்னிரண்டு வாரம், செப்டம்பருக்குள் தீர்ந்துவிடும். தடைக்காலக் காசில் அந்த அளவு குறையும், செப்டம்பரில் 32,000க்குப் பதில் 26,000 இருக்கும். மிஞ்ச வேண்டிய இரண்டாயிரம் போக, அடுத்த தடைக்காலத்தில் 4,000 துண்டு விழும் என்று இப்போதே தெரிந்துவிட்டது, அப்போது தெரிவதைவிட நல்லது.

இந்த வருசம் மறுபடி அடகு வைக்க நேர்ந்தால், என்ன நகை, எத்தனை கிராம், எவ்வளவு வாங்கியது, எதற்காக என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி அவர் கையெழுத்தை வாங்குங்கள்.

உச்சிப்புளியான் | 10 ஜூலை

எல்லாம் சரி, மொய் 1,000னு வீட்டுச் செலவுல போட்டுருக்கீகளே. அவுக பக்கத்து மொய்யா, உங்க பக்கத்து மொய்யா?

கரையோரத்தாள் | 10 ஜூலை

ஐயோ அதை எழுப்பாதீங்க. ஆவணியில என் தங்கச்சி மகளுக்குச் சடங்கு. அவுக தங்கச்சி வீட்டுச் சடங்குக்குத் தாய்மாமன் சீர் 15,000 வீட்டுக் காசுல போச்சு.

கீழைநிலா | 10 ஜூலை

அப்ப உங்க தங்கச்சி மகளுக்கும் அதே 15,000தானே?

கணக்குநோட்டு | 11 ஜூலை

தொகையை ஒன்றாக்க முடியாது. தாய்மாமன் சீருக்கு ஊர் ஒரு அளவு வைத்திருக்கிறது, பெரியம்மா செய்வதற்கு வேறு அளவு. என்னிடம் வரும் நோட்டுகளில் இதை இரண்டு விதமாகச் செய்கிறார்கள். சிலர் இரண்டு பக்கத்துக்கும் வருசத்துக்கு ஒரே தொகை ஒதுக்கி, அதற்கு மேல் போனால் அவரவர் கைக்காசு என்கிறார்கள். சிலர் மொய் நோட்டைப் பார்த்து, திருப்பிச் செய்ய வேண்டிய மொய்யை மட்டும் வீட்டுக் கணக்கில் வைக்கிறார்கள். முதல் வழியில் அண்ணன் தம்பி அதிகம் உள்ளவர் தோற்பார். இரண்டாவது வழியில், தங்கள் வீட்டில் இன்னும் விசேஷமே வைக்காதவர்கள் தோற்பார்கள்.

கரையோரத்தாள் | 11 ஜூலை

எங்க வீட்டுல இன்னும் ஒண்ணும் வைக்கல. மூத்தவளுக்கு இப்பத்தான் பதினொண்ணு.

உச்சிப்புளியான் | 11 ஜூலை

அப்ப முதல் வழி. அவுக கூடப் பிறந்தவுக எத்தனை பேரு?

கரையோரத்தாள் | 11 ஜூலை

ஏழு.